மைக்ரோவேவ் அடுப்பின் இரண்டு வாட்

மைக்ரோவேவ் அடுப்பின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பெரும்பாலும் இரண்டு வாட் எண்கள் இருக்கும். வீடுகளில் பரவலாக இருக்கும் 20 லிட்டர் அடுப்பில் ஒன்று 1200ஐ ஒட்டியும் மற்றொன்று 700 அல்லது 800 என்றும் இருக்கும். பெரிய எண், அடுப்பு மின்சார இணைப்பிலிருந்து உள்வாங்கும் திறன். மின்கட்டணம் இதை வைத்துத்தான் ஏறுகிறது. சிறிய எண், உணவைச் சூடாக்குவதற்காக அடுப்பு வெளியிடும் திறன். உணவுப் பொட்டலத்தில் ‘800 வாட்டில் இரண்டு நிமிடம்’ என்று போட்டிருந்தால் அது இந்தச் சிறிய எண்ணைத்தான் குறிக்கும். கன்வெக்‌ஷன், கிரில் வசதியுள்ள அடுப்புகளில் அவற்றுக்கென்று தனி எண்களும் இருக்கும். சோற்றைச் சூடுபடுத்தும் செலவுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை.

இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள சுமார் 400 வாட் பெரும்பாலும் அடுப்புக்குள்ளேயே வெப்பமாகிறது. வீட்டு மின்சாரத்தின் 230 வோல்ட்டை டிரான்ஸ்ஃபார்மரும் அதோடு சேர்ந்த சுற்றும் சுமார் 4000 வோல்ட்டாக உயர்த்துகின்றன. அந்த உயர் மின்னழுத்தத்தில் மேக்னட்ரான் என்னும் குழாய் 2450 மெகாஹெர்ட்ஸ் அலைகளை உருவாக்குகிறது. மேக்னட்ரான் பெறும் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அலையாக மாறாமல் அந்தக் குழாயையே சூடாக்கிவிடும். டிரான்ஸ்ஃபார்மரும் சூடேறும். இந்தச் சூட்டை வெளியேற்ற விசிறி, உள்ளே ஒரு விளக்கு, தட்டைச் சுற்றும் சிறிய மோட்டார் என்று இவையும் கொஞ்சம் மின்சாரம் எடுக்கின்றன. அடுப்பு ஓடும்போது பின்புறத் துளைகளில் கை வைத்தால் படும் வெதுவெதுப்பான காற்று, கட்டணம் செலுத்தியும் உணவைச் சேராத மின்சாரம்தான்.

வெளியிடும் திறனைக் கணக்கிட ஐ.இ.சி. என்னும் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் ஒரு சோதனை முறை வகுத்திருக்கிறது. ஒரு லிட்டர் குளிர்ந்த நீரைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்து, அதன் வெப்பநிலை சுமார் 10 டிகிரி உயரும் வரை அடுப்பை ஓட்டி, நீர் பெற்ற வெப்பத்தைக் கணக்கிடுவார்கள். ஸ்டிக்கரில் உள்ள 800 வாட், ஒரு லிட்டர் நீருக்குக் கிடைத்த 800 வாட். வீட்டில் உள்ளே வைப்பதோ ஒரு தட்டுச் சோறு அல்லது ஒரு குவளைப் பால். உள்ளே இருக்கும் பொருள் குறைந்தால் அதனால் உறிஞ்ச முடியாத அலைகள் சுவர்களிலும் சுழல்தட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக வீணாகும், ஒரு பங்கு மேக்னட்ரானுக்கே திரும்பிப் போகும். மின்சார இழப்பு குறையாது, உணவுக்குச் சேர்வது மட்டும் குறையும். பிரிட்டனில் 1990களில் இதற்காகவே அடுப்புகளில் வாட் எண்ணோடு A முதல் E வரை ஒரு எழுத்தையும் அச்சிட்டார்கள். சிறிய அளவு உணவை அடுப்பு எவ்வளவு நன்றாகச் சூடாக்கும் என்பதை அந்த எழுத்து சொன்னது. உபயோகமான அந்த ஏற்பாடு இந்தியாவிலும் இருந்தால் வாங்குபவர்களுக்கு நல்லது.

இரண்டு எண்களையும் வீட்டிலேயே சரிபார்க்க முடியும். ஒரு லிட்டர் நீரை, அறை வெப்பத்தைவிடச் சற்றுக் குளிர்ச்சியாக எடுத்துக்கொண்டு, கலக்கி, சமையலறைத் தெர்மாமீட்டரால் அளந்துகொள்ள வேண்டும். முழுத் திறனில் சரியாக 2 நிமிடம் ஓட்டி, உடனே மறுபடி கலக்கி அளக்க வேண்டும். உயர்ந்த ஒவ்வொரு டிகிரிக்கும் 35 வாட். 22 டிகிரி உயர்ந்தால் 770 வாட். தொடங்கிய முதல் இரண்டு மூன்று விநாடிகள் மேக்னட்ரானின் இழை சூடேறவே போய்விடும் என்பதால் விடை ஸ்டிக்கரைவிடக் கொஞ்சம் குறைவாக வருவது இயல்பு. மிகக் குறைவாக வந்தால் மேக்னட்ரான் தேய்ந்திருக்கலாம், அல்லது அந்த நேரத்தில் வீட்டில் வோல்டேஜ் குறைந்திருக்கலாம்; வேறு நேரத்தில் மறுபடி அளந்தால் எது என்று தெரிந்துவிடும்.

உள்வாங்கும் திறனை அறிய மின்மீட்டர் உதவும். மீட்டரில் 3200 imp/kWh என்று அச்சிட்டிருந்தால், அதன் சிவப்பு விளக்கு 3200 முறை மின்னினால் ஒரு யூனிட். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அடுப்பை மட்டும் 2 நிமிடம் ஓட்டும்போது 133 முறை மின்னினால், அடுப்பு 1250 வாட் எடுக்கிறது. 1250 வாட் வாங்கி 770 வாட் தந்தால், நூற்றுக்கு 62 பங்கு நீருக்குச் சேர்ந்திருக்கிறது. நல்ல நிலையில் உள்ள அடுப்புக்கு இது சரியான அளவு.

இதே அடுப்பில் 300 கிராம் சாம்பார் சாதத்தைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்துச் சூடாக்குவதாகக் கொள்ளலாம். 5 டிகிரியிலிருந்து 75 டிகிரிக்குக் கொண்டுபோக உணவுக்குத் தேவைப்படுவது சுமார் 73 கிலோஜூல். சிறிய அளவு என்பதாலும் தட்டும் சூடாவதாலும் இதற்கு ஏறத்தாழ 2 நிமிடம் பிடிக்கும். அதற்குள் மீட்டரில் ஏறுவது 150 கிலோஜூல், அதாவது 0.042 யூனிட். ஸ்டிக்கர் கணக்கில் 62 பங்காக இருந்தது சோற்றுத் தட்டுக்கு வரும்போது பாதிக்கும் கீழே வந்துவிடுகிறது. யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் செலவு 33 பைசா. யூனிட் விலையைப் போடும்போது, கட்டணப் பட்டியலில் அந்த வீடு தொடும் உச்சப் படியின் விலையைப் போட வேண்டும். கூடுதலாக எரிக்கும் யூனிட் அந்த விலையில்தான் விழுகிறது.

கேஸ் அடுப்பில் இதே சோற்றைச் சூடாக்கினால் பாத்திரத்தையும் சேர்த்துச் சூடாக்க வேண்டும். தீயின் வெப்பத்தில் பாதியளவுதான் பாத்திரத்தில் சேரும். சுமார் 4 கிராம் எரிவாயு செலவாகும். கிலோ 60 ரூபாய் என்றால் அது 24 பைசா. இண்டக்‌ஷன் அடுப்பிலும் ஏறத்தாழ 25 பைசாதான். ஒரு தட்டுச் சோற்றுக்கு மூன்றில் எது சிக்கனம் என்று பார்ப்பது பைசாக் கணக்கு. மைக்ரோவேவ் தருவது நேரமும் கழுவ வேண்டிய பாத்திரம் ஒன்று குறைவதும்தான். நாலு பேருக்குச் சூடாக்கும்போது கணக்கு மாறும். மைக்ரோவேவில் தட்டுக்குத் தட்டு செலவு கூடிக்கொண்டே போகும்; கேஸிலும் இண்டக்‌ஷனிலும் ஒரே பாத்திரத்தில் முடிந்துவிடும். வெந்நீர் வைக்கவும் மைக்ரோவேவ் ஏற்றதல்ல. ஒரு லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்க மின்கெட்டிலில் 0.1 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாகவும், மைக்ரோவேவில் 0.14 யூனிட் வரையிலும் செலவாகும்.

பாதித் திறனில் வைத்தால் மின்சாரம் மிச்சமாகும் என்ற எண்ணமும் பலரிடம் உண்டு. டிரான்ஸ்ஃபார்மர் வகை அடுப்பு பாதித் திறனில் அலையைப் பாதியாகக் குறைப்பதில்லை. மேக்னட்ரானை முழுத் திறனில் சில விநாடி ஓட்டி, சில விநாடி நிறுத்தி, மாறி மாறிச் செய்கிறது. உணவு சூடாக இரு மடங்கு நேரமாகும், அவ்வளவு நேரமும் விசிறியும் விளக்கும் ஓடும். சீராகச் சூடேற வேண்டிய கட்டியான உணவுக்கு இது நல்ல முறை. சிக்கனத்துக்கான முறை அல்ல.

உண்மையில் கவனிக்க வேண்டிய செலவு வேறொன்று. சுவிட்சை அணைக்காமல் விட்ட அடுப்பு, முகப்பில் மணி காட்டுவதற்காக நாள் முழுக்க மின்சாரம் எடுத்துக்கொண்டிருக்கும். அது 2.5 வாட் என்றால் ஆண்டுக்கு 22 யூனிட், 176 ரூபாய். தினமும் இரண்டு தட்டுச் சூடாக்கினாலும் ஆண்டு முழுவதற்கும் ஆகும் செலவு சுமார் 31 யூனிட்தான். சமைக்காத நேரத்துச் செலவு சமைத்த செலவில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலே வந்துவிடுகிறது. வேலை முடிந்ததும் சுவரில் உள்ள சுவிட்சை அணைத்துவிடுங்கள். மைக்ரோவேவ் அடுப்பில் ஒரு வீடு செய்யக்கூடிய பெரிய மிச்சம் இதுதான்.