முப்பது நாள் கடன் கேட்கும் புதிய கடை: மொத்த வியாபாரி என்ன பார்ப்பார்?

புளியங்குடியில் புதுசா ஒரு மளிகைக் கடை திறந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தக் கடையில் வாரம் ஒருமுறை 20,000 ரூபாய்க்குச் சரக்கு எடுக்கிறீர்கள். மூன்று மாதமாக ரொக்கம்தான். இப்போது, "அண்ணாச்சி, இனிமே பில்லுக்கு முப்பது நாள் டைம் கொடுங்க" என்று கேட்கப் போகிறீர்கள். அவர் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி: "எவ்வளவுக்கு தம்பி?"

20,000 என்று சொன்னால் தப்பு

ஒரு பில் 20,000 ரூபாய்தான். ஆனால் முதல் பில்லுக்குப் பணம் கட்டுவது 30ஆம் நாள். அதற்குள் 7, 14, 21, 28ஆம் நாட்களிலும் சரக்கு எடுத்திருப்பீர்கள். ஆக ஐந்து பில், மொத்தப் பாக்கி 1,00,000 ரூபாய். நீங்கள் உண்மையில் கேட்கும் கடன் அதுதான்.

அறிமுகமாகி மூன்றே மாதமான கடைக்கு லட்ச ரூபாய் என்றால் அண்ணாச்சி யோசிப்பார். அதனால் படிப்படியாகக் கேட்பது நல்லது. முதலில் 'பில் டு பில்', அதாவது பழைய பில்லைக் கட்டிவிட்டுப் புதுச் சரக்கு எடுப்பது. அப்போது பாக்கி 20,000 ரூபாயைத் தாண்டாது. அடுத்து பதினைந்து நாள், பிறகு முப்பது நாள்.

அவர் ஏன் தயங்குகிறார்?

முதல் காரணம் ஜிஎஸ்டி. நீங்கள் பணம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், வரி உள்ள சரக்குக்கு அவர் வரி கட்டியாக வேண்டும். மாதாமாதம் கணக்குத் தாக்கல் செய்பவர் என்றால், அடுத்த மாதம் 20ஆம் தேதிதான் கெடு.

இரண்டாவது காரணம், சட்டப் பாதுகாப்பு. சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்ற விதியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டத்தில் உள்ள விதி அது. ஆனால் வாங்கி விற்கும் வியாபாரிக்கு அது கை கொடுக்காது. 2021 ஜூலையில் மொத்த, சில்லறை வியாபாரிகளையும் எம்எஸ்எம்இ பட்டியலில் சேர்த்தார்கள். ஆனால் வங்கிகளின் முன்னுரிமைக் கடனுக்காக மட்டும்தான். அதனால்தான் அண்ணாச்சி, "ஒரு செக் கொடுத்து வைங்க" என்கிறார்.

வெற்று செக் கொடுக்கலாமா?

கையெழுத்து மட்டும் போட்ட செக்கை நீங்களாகக் கொடுத்திருந்தால், மற்ற விவரங்களை வேறொருவர் நிரப்பியிருந்தாலும் பொறுப்பு உங்களுடையதுதான் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. கடன் பாக்கி இல்லை என்று நிரூபிக்க வேண்டியதும் நீங்கள்தான்.

செக் திரும்பினால், வங்கித் தகவல் வந்த 30 நாளுக்குள் அவர் நோட்டீஸ் அனுப்பலாம். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் நீங்கள் கட்டாவிட்டால், அது குற்ற வழக்காகும். ஆகவே செக் கொடுத்தால் அதன் எண்ணையும், எதற்காகக் கொடுத்தது என்பதையும் எழுதி அவர் கையெழுத்தை வாங்குங்கள். கணக்கு முடிந்ததும் செக்கைத் திரும்ப வாங்கிவிடுங்கள்.

கடிதத்தில் என்ன எழுத வேண்டும்?

ஒரு பக்கம் போதும். கடை முகவரி, உரிமையாளர் பெயர், ஜிஎஸ்டி எண் இருந்தால் அது, இதுவரை ரொக்கமாக எடுத்த பில்களின் மொத்தம், கேட்கும் கடன் வரம்பு. அதோடு இந்த மாதிரி ஒரு வரி: "பில் தேதியிலிருந்து 30ஆம் நாளுக்குள் கட்டுவேன்; பாக்கி வரம்பைத் தாண்டினால் புதுச் சரக்கு ரொக்கத்துக்குத்தான்." நாள் கணக்கு பில் தேதியிலிருந்தா, சரக்கு வந்த தேதியிலிருந்தா என்று எழுதாமல் விட்டால், பின்னால் சண்டை அங்கேதான் தொடங்கும்.

கடன் இலவசமா?

இல்லை. ரொக்கத்துக்கு 2% தள்ளுபடி கொடுக்கும் கடை என்றால், 20,000 ரூபாய் பில்லை 19,600 ரூபாயில் முடித்திருப்பீர்கள். முப்பது நாள் தள்ளிக் கட்டுவதற்கு 400 ரூபாய் கூடுதல். நம்ம ஊர்க் கணக்கில் நூற்றுக்கு ரெண்டு ரூபா வட்டிக்கும் கொஞ்சம் மேல். வருடத்துக்குச் சுமார் 24%. முத்ரா கடன் கிடைத்தால் வட்டி பொதுவாக இதைவிடக் குறைவு. தள்ளுபடியே இல்லாத சரக்குக்குக் கடன் கேளுங்கள், இருப்பதை ரொக்கத்துக்கு எடுங்கள்.

சிக்கல் வருவதை எப்படிக் கண்டுபிடிப்பது?

சரக்கு விற்ற பணம் கல்லாவில் இருக்கும்போது அது உங்கள் பணம் மாதிரியே தெரியும். வாடகைக்கும் வீட்டுச் செலவுக்கும் போய்விடும். அதனால் வாரம் ஒருநாள் மூன்றைக் கூட்டுங்கள்: கடையில் உள்ள சரக்கு, வாங்கிய விலையில், கையிலும் வங்கியிலும் உள்ள பணம், வாடிக்கையாளர் நோட்டில் வசூலாகக்கூடிய பாக்கி. உதாரணத்துக்கு 50,000, 15,000, 20,000 என்றால் மொத்தம் 85,000. அண்ணாச்சிக்குத் தர வேண்டியது 1,00,000. அப்படியென்றால் நீங்கள் போட்ட சொந்த முதல் கரைந்து, அவர் பணத்திலும் 15,000 ரூபாய் போயிருக்கிறது.

அடுத்த பில்லை எடுப்பதற்கு முன்பே இதை அவரிடம் சொல்லி, சரக்கைக் குறைத்து எடுப்பதுதான் வழி. 30ஆம் நாள் தாண்டிய பிறகு சொன்னால், அடுத்த முறை ரொக்கம்தான்.