தட்டில் செத்த செல்லும் கைக்கு வரும் மாத்திரையும்

மஞ்சளில் இருக்கும் குர்குமின் புற்றுநோய்ச் செல்லைக் கொல்கிறது என்ற செய்தி வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றுகிறது. பல நேரம் அதற்குப் பின்னால் உண்மையிலேயே ஓர் ஆய்வு இருக்கும். அதை நம்பி, நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையை விட்டுவிட்டுப் பொடி வாங்கப் போகிறார்களே, அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தட்டில் வளர்த்த செல் செத்ததற்கும் மருந்து கிடைத்ததற்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதை, அந்தத் தூரத்தைக் கடந்த ஒரு மாத்திரையின் கதையில் பார்க்கலாம்.

இமாட்டினிப் என்பது அதன் பெயர். சி.எம்.எல். என்ற ரத்தப் புற்றுநோய்க்குத் தருவார்கள். இந்த நோயாளிகளின் ரத்தச் செல்களில் 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் துண்டுகளை மாற்றிக்கொண்டிருப்பதை ஜேனட் ரௌலி 1973இல் கண்டறிந்தார். அந்த இடமாற்றத்தில் பி.சி.ஆர்-ஏபிஎல் என்ற நொதி உருவாகிறது. ‘பெருகு’ என்ற உத்தரவை அது ஓயாமல் பிறப்பித்துக்கொண்டே இருக்கும். ஆனால் நோயாளியிடம் ஒரு பொருள் காணப்படுவதாலேயே அதுதான் நோயின் காரணம் என்று ஆகிவிடாது. 1990இல் இந்த மரபணுவை எலிகளின் எலும்பு மஜ்ஜைச் செல்களில் செலுத்திப் பார்த்தபோது அவற்றுக்கும் இதே போன்ற நோய் வந்தது. இலக்கு இதுதான் என்ற உறுதி அப்போதுதான் கிடைத்தது.

இலக்கு தெரிந்தபின் அதைத் தடுக்கும் மூலக்கூறைத் தேட வேண்டும். ஏராளமான சேர்மங்களை நொதியோடு சேர்த்து, எது அதன் வேலையைக் குறைக்கிறது என்று அளப்பார்கள். இதுதான் ஸ்கிரீனிங். இதில் தேறுவதை ‘ஹிட்’ என்பார்கள். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், சீபா-கைகி நிறுவனத்தின் வேதியியலாளர்கள் கையில் இருந்த ஹிட் உண்மையில் வேறொரு நொதிக்காகத் தேடியபோது அகப்பட்டது. வலு குறைந்தது, பல நொதிகளையும் தொட்டது.

அதைச் செதுக்கியதுதான் பெரிய வேலை. ஒரு முனையில் பிரிடின் வளையத்தைச் சேர்த்ததும் செல்லுக்குள் அதன் செயல் கூடியது. இன்னோர் இடத்தில் அமைடு தொகுதியைச் சேர்த்ததும் பி.சி.ஆர்-ஏபிஎல் வகை நொதிகளைப் பிடிக்கத் தொடங்கியது. பிறகு ஒரே ஒரு மெத்தில், அதாவது ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும். அது சேர்ந்ததும் மூலக்கூறு சற்றே முறுக்கிக்கொண்டது, வேண்டாத அந்தப் பழைய நொதியைத் தொடுவது நின்றது. இத்தனைக்குப் பிறகும் அது தண்ணீரில் சரியாகக் கரையவில்லை. கரையாவிட்டால் குடலைத் தாண்டி ரத்தத்தில் சேராது. மெத்தில்பைப்பரசின் என்ற வளையத்தைப் பொருத்திய பிறகே விழுங்கும் மாத்திரையாகும் தகுதி வந்தது. ஒவ்வொரு மாற்றமும் புதிய மூலக்கூறுதான். ஒன்று சரியானால் இன்னொன்று கெடும், மறுபடி எல்லாவற்றையும் அளக்க வேண்டும்.

1996இல் பிரையன் ட்ரூக்கரின் குழு, இந்த மூலக்கூறை நோயாளிகளின் செல்களில் சோதித்துப் பார்த்தது. நோய்ச் செல்களின் கூட்டங்கள் 92 முதல் 98 விழுக்காடு குறைந்தன. ஆரோக்கியமான செல்கள் வழக்கம்போல வளர்ந்தன. செய்தியைப் படிக்கும்போது நாம் தேட வேண்டியது இந்த இரண்டாவது வரியைத்தான். பினாயில் ஊற்றினாலும் தட்டில் உள்ள செல் சாகும். அதோடும் முடியவில்லை. நாய்களுக்கு அதிக அளவில் கொடுத்தபோது கல்லீரல் பாதிக்கப்பட்டது, அதைத் தீர எடைபோட்ட பிறகு 1998 ஜூனில்தான் முதல் மனிதருக்குக் கொடுத்தார்கள்.

குர்குமின் இந்தப் பாதையின் தொடக்கத்திலேயே தடுக்கி விழுகிறது. ஒளி பட்டால் அதுவே ஒளிரும், கண்ட புரதங்களோடெல்லாம் வினைபுரியும். அதனால் ஒளியை அளக்கும் சோதனைகளில் பொய்யான ஹிட்டாகத் தோன்றும். விரைவில் சிதைந்துவிடும், ரத்தத்தில் மிகக் குறைவாகவே சேரும். 2017இல் மருந்து வேதியியலாளர்கள் இதை விரிவாகவே எழுதினார்கள். குழம்பில் மஞ்சள் போடுவதைப் பற்றி நான் பேசவில்லை. புற்றுநோய்க்கு அதை மருந்தாக விற்பதைப் பற்றித்தான் கவலை.

பரிசோதனைக் கட்டத்தில் இருக்கும் புதிய மருந்தை எந்த மருத்துவரும் தன் விருப்பப்படி உங்களுக்குக் கொடுக்க முடியாது. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி, மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதியும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். முதல் நபரைச் சேர்க்கும் முன்பே பரிசோதனையைப் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள், ctri.nic.in தளத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். பரிசோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உங்கள் உரிமை. எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்.

புற்றுநோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதோ, எந்த மருத்துவ முறையின் பெயரில் செய்தாலும், 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அப்படி ஒன்றைக் கண்டால் விளம்பரத்தையும் பொட்டலத்தின் லேபிளையும் படம் எடுத்து, வாங்கியிருந்தால் ரசீதையும் சேர்த்து, மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் மறைக்காமல் உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லுங்கள். உடன் எடுக்கும் மருந்து ரத்தத்தில் இருக்கும் அளவை அது மாற்றியிருக்கக்கூடும்.