கூட்டாளி பெயரில் கீமேன் பாலிசி: சரண்டர் பணத்தை எங்கே வரவு வைப்பது?

ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கூட்டு நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கூட்டாளிகள் இருவர், லாபப் பங்கு 60:40. கொள்முதலும் வாடிக்கையாளர் தொடர்பும் மூத்த கூட்டாளியின் கையில் இருக்கின்றன. அவர் திடீரென இறந்தால் வியாபாரம் ஆட்டம் காணும் என்பதால், 2020-இல் அவர் ஆயுள்மீது நிறுவனமே ஒரு சேமிப்பு வகைக் கீமேன் பாலிசி எடுத்தது. ஆண்டுப் பிரீமியம் 2 லட்சம். ஐந்து தவணை கட்டிய பிறகு, 2025 மார்ச்சில் பணநெருக்கடியால் பாலிசியைச் சரண்டர் செய்தார்கள். வங்கிக்கு வந்தது 5,20,000 ரூபாய். இதைக் கணக்கில் எப்படி எழுதுவது?

விடை, பிரீமியம் எப்படி எழுதப்பட்டது என்பதில் இருக்கிறது. கீமேன் பிரீமியத்தைத் தொழில் செலவாகக் கழிக்கலாம் என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 1998-இலேயே 762-ஆம் எண் சுற்றறிக்கையில் சொல்லிவிட்டது. கூட்டாளி ஊழியர் அல்லவே, அவருக்கும் இது பொருந்துமா என்று வழக்கு எழுந்தது. பி.என். எக்ஸ்போர்ட்ஸ் வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் 2010-இல் பொருந்தும் என்றது. தொழிலுடன் எவ்வகையிலாவது தொடர்புடையவர் என்று சட்டம் சொல்வதற்குள் கூட்டாளியும் அடங்குகிறார். ஆனால் பாலிசிதாரர் நிறுவனமாக இருக்க வேண்டும், பணமும் நிறுவனத்துக்கே வர வேண்டும். கூட்டாளி தன் குடும்பத்துக்காக எடுத்த பாலிசிக்கு நிறுவனம் பணம் கட்டினால், அது செலவே அல்ல. அவருடைய எடுப்புகள் கணக்கில் பற்று வைக்க வேண்டிய தொகை.

நம் ஈரோட்டு நிறுவனம் ஒவ்வோர் ஆண்டும் 2 லட்சத்தைச் செலவாக எழுதி வரியிலும் கழித்துக்கொண்டது. ஆகவே ஏட்டில் பாலிசி சொத்தாக நிற்கவில்லை. இந்த நிலையில் பதிவு எளிது:

```
வங்கிக் கணக்கு                    பற்று  5,20,000
   கீமேன் பாலிசி சரண்டர் வருமானம்   வரவு  5,20,000
```

டாலியில் இந்த வருமானக் கணக்கை `Indirect Incomes` குழுவில் வைக்கலாம். காப்பீட்டு நிறுவனம் வரி பிடித்துக்கொண்டு மீதியை அனுப்பியிருந்தாலும், பிடித்ததையும் சேர்த்து முழுத் தொகையையே வருமானமாகக் காட்ட வேண்டும். பிடித்த பகுதி டிடிஎஸ் கணக்கில் பற்று.

கட்டியது 10 லட்சம், வந்தது 5.2 லட்சம், நட்டம்தானே, இதற்கு ஏன் வரி என்று பலர் கேட்கிறார்கள். கட்டிய 10 லட்சமும் ஏற்கெனவே வரியில் கழிக்கப்பட்டுவிட்டது. அதனால் திரும்பி வருவது முழுவதும் தொழில் வருமானம். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. சாதாரண ஆயுள் பாலிசிக்குக் கிடைக்கும் விலக்கு கீமேனுக்கு இல்லை. கூடுதல் வரி இல்லாத கூட்டு நிறுவனத்துக்கு 30 சதவீத வரியும் 4 சதவீத செஸ்ஸும் சேர்ந்து 31.2 சதவீதம், அதாவது 1,62,240 ரூபாய். மிஞ்சும் 3,57,760 ரூபாய்தான் 60:40 விகிதத்தில் பிரியும்.

சில கணக்காளர்கள் பாலிசியை அதன் சரண்டர் மதிப்பில் சொத்தாக ஏட்டில் வைத்து, மீதிப் பிரீமியத்தை மட்டும் செலவாக எழுதுவார்கள். அப்படிச் சொத்துக் கணக்கில் 4,50,000 நின்றிருந்தால், வங்கிக்குப் பற்று 5,20,000, பாலிசிக் கணக்குக்கு வரவு 4,50,000, லாப நட்டக் கணக்குக்கு வரவு 70,000 மட்டுமே. ஏட்டைப் பொறுத்தவரை இது சரியான முறைதான். ஆனால் வரிக் கணக்கீட்டில் முழுப் பிரீமியத்தையும் கழித்திருந்தால், மீதி 4,50,000-ஐ அங்கே தனியாகக் கூட்டியாக வேண்டும். இந்த இடத்தில்தான் அதிகம் தவறுகிறது: ஏட்டு லாபத்தை அப்படியே படிவத்தில் ஏற்றிவிடுகிறார்கள்.

இதைவிடக் கொடிய பிழை ஒன்று உண்டு. பாலிசியில் மூத்தவர் பெயர் இருக்கிறது என்பதற்காகச் சரண்டர் பணத்தை அவருடைய முதல் கணக்கில் நேராக வரவு வைப்பது. அப்போது இளையவருக்கு வர வேண்டிய 40 சதவீதம், வரிக்கு முன் 2,08,000 ரூபாய், சத்தமின்றி மூத்தவர் பக்கம் போய்விடுகிறது. நிறுவனத்தின் வருமானமும் குறைந்து தெரிகிறது. லாபப் பங்கோ புதிய முதலீடோ இல்லாமல் ஒருவரின் முதல் கணக்கு மட்டும் திடீரென ஏறியிருந்தால், அந்த வரியைத் தேடிப் பாருங்கள்.

மூத்தவர் விலகும்போது சரண்டர் செய்யாமல் பாலிசியையே அவர் பெயருக்கு மாற்றித் தருவதும் உண்டு. அப்படி மாற்றினால் அது சாதாரண பாலிசியாகி, முதிர்வுத் தொகை வரியின்றி வரும் என்று முன்பு வாதிட்டார்கள். டெல்லி உயர் நீதிமன்றமும் ஏற்றது. 2013 நிதிச் சட்டம் அந்த வழியை அடைத்தது. கைமாறினாலும் அது கீமேன் பாலிசியாகவே நீடிக்கும்.

சரண்டர் படிவத்தில் கையெழுத்திடும் முன், முந்தைய ஆண்டுகளின் பேரேட்டையும் வரிக் கணக்கீட்டுத் தாளையும் ஒன்றாக வைத்து, பிரீமியம் எங்கே எழுதப்பட்டது, எவ்வளவு கழிக்கப்பட்டது என்று உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.