ஆடித் தள்ளுபடி பார்லருக்கு ஆகாது

“அடுத்த ஆஃபர் எப்போ போடுவீங்க?”

பில் கட்டிவிட்டுக் கைப்பையை மூடும்போது ஒரு வாடிக்கையாளர் இப்படிக் கேட்டால், அந்தப் பார்லர் தனக்கே தெரியாமல் அவருக்கு ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டது. இரண்டு மாதம் போகாமல் இருந்தால் போதும், “உங்களை மிஸ் பண்றோம், 30 சதவீதம் தள்ளுபடி” என்று வாட்ஸ்அப்பில் செய்தி வரும். ஒரு முறை வந்தது, மறுமுறையும் வந்தது. மூன்றாம் முறை அவர் வேறு பார்லருக்குப் போகவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. செய்தி வரட்டும் என்று வீட்டில் காத்திருக்கிறார்.

இந்தக் காத்திருப்பு நமக்குப் புதிதல்ல. ஆனி மாதம் புடவை எடுக்க வேண்டியிருந்தால், “ஆடி வரட்டும்” என்று தள்ளிப்போடாத வீடு குறைவு. ஜவுளிக்கடைக்கு அது கட்டுப்படியாகிறது. தீபாவளிச் சரக்கு வருவதற்குள் பழைய சரக்கு கழிய வேண்டும். ஆனியில் எடுக்காத புடவையை ஆடியில் எடுத்துவிடுவார்கள். பார்லரில் கழிக்க வேண்டிய சரக்கு எதுவும் இல்லை. அங்கே விற்பது நாற்காலியும் நேரமும். நரைக்குச் சாயம் போடுவதை மூன்று வாரம் தள்ளிப்போட்டவர், பிறகு வந்து இரண்டு முறை சேர்த்துப் போட்டுக்கொள்ள மாட்டார். போன வாரம் காலியாகக் கிடந்த நாற்காலியை இந்த வாரம் விற்க முடியாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். திருச்சி மாதிரி ஓர் ஊரில் மூன்று நாற்காலி உள்ள பெண்கள் பார்லர் என்று வைத்துக்கொள்வோம். ரூட் டச்சப், அதாவது வேர்ப்பகுதிக்கு மட்டும் சாயம், 900 ரூபாய். சாயத்துக்கும் டெவலப்பருக்கும் 150, வேலை செய்யும் பெண்ணுக்கு ஊக்கத்தொகை பத்து சதவீதம் என்று 90 போனால் 660 ரூபாய் நிற்கும். 30 சதவீதம் குறைத்தால் பில் 630. சாயச் செலவு குறையாது, ஊக்கத்தொகை 63. மிஞ்சுவது 417. ஒரு வருகையில் 243 ரூபாய் போகிறது. ஆனால் பெரிய நஷ்டம் இதுவல்ல. தலைமுடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வளரும் என்பதால், வேரில் வெள்ளை தெரிந்து ஐந்து வாரத்துக்கு ஒரு முறை வருகிறவர் ஆண்டுக்குப் பத்து முறை வருவார். செய்திக்காகக் காத்திருக்கப் பழகி அறுபது நாளுக்கு ஒரு முறை வந்தால் அது ஆறாகிவிடும். பத்து முறை 660 என்றால் 6,600 ரூபாய்; ஆறு முறை 417 என்றால் 2,502. அதே வாடிக்கையாளர், அதே வேலை. “ஆஃபர் போட்டதும் கூட்டம் வந்தது” என்று சந்தோஷப்படும் உரிமையாளர் பார்க்காமல் விடுவது இந்த இரண்டாவது கணக்கைத்தான்.

ஆகவே, வராமல் போனவரை அழைப்பதற்கு முன், உண்மையில் வராமல் போனவர் யார் என்று தெரிய வேண்டும். எல்லாருக்கும் அறுபது நாள் என்று கோடு போடுவதிலிருந்தே தவறு தொடங்குகிறது. புருவம் திருத்திக்கொள்கிறவர் மூன்று நான்கு வாரத்தில் வருவார். ஸ்மூத்தனிங் செய்துகொண்டவர் ஐந்து மாதம் கழித்து வந்தாலும் சரியான நேரத்துக்கே வந்திருக்கிறார். ஒவ்வொருவருக்கும் அவரவர் வழக்கமான இடைவெளி எதுவோ, அது இரட்டிப்பானால் கவனிக்கலாம். 35 நாளுக்கு ஒரு முறை வந்தவர் 70 நாளாக வரவில்லை என்றால் அவர் பெயர் பட்டியலில் ஏறட்டும். கல்யாண அலங்காரத்துக்கு ஒரே ஒரு முறை வந்த மணப்பெண் அதில் சேரமாட்டார். ஆண்கள் சலூன் என்றால் சபரிமலைக்கு மாலை போட்டவர், பழனியிலோ திருப்பதியிலோ மொட்டை போட்டவர் பெயர்களையும் எடுத்துவிடுங்கள். அவர்கள் எங்கும் போகவில்லை. வீட்டில் துக்கம் நடந்தது தெரிந்தால் அந்த எண்ணுக்கு எந்தச் செய்தியும் போகக் கூடாது.

இனி செய்திகள். மொத்தம் நான்கு போதும். முதல் செய்தியில் சலுகை என்ற பேச்சே வரக் கூடாது. அதை எழுதவேண்டியவர் கடை அல்ல, அவருக்கு வழக்கமாக வேலை செய்யும் பெண்:

“வணக்கம் அக்கா. போன தடவை உங்களுக்கு டார்க் பிரவுன் போட்டோம், ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. கலர் எப்படி நின்னுச்சு? நடுவுல வீட்ல ஏதாவது டை, மருதாணிப் பொடி போட்டிருந்தா வரும்போது சொல்லுங்க, அதுக்கேத்த மாதிரி பாத்துக்கலாம். வெள்ளிக்கிழமை மதியம் நாற்காலி காலியா இருக்கு.”

இதில் பொடியைப் பற்றிக் கேட்டது பேச்சுக்காக அல்ல. கடையில் வாங்கும் சில சாயப்பொடிகளில் உலோக உப்பு கலந்திருக்கும். அதன்மேல் பெராக்சைடு கலந்த சாயம் போட்டால் முடி சூடேறிச் சேதமாகலாம். இதைப் படிக்கிறவருக்கு, தன் தலைமுடியைப் பற்றித் தெரிந்த ஒருவர் பேசுகிறார் என்று புரியும். மறந்து போனவர்களும் வேலைப்பளுவில் தள்ளிப்போட்டவர்களும் இந்த ஒரு செய்திக்கே வந்துவிடுவார்கள். அவர்களுக்குப் போய்த் தள்ளுபடி கொடுத்திருந்தால், எப்படியும் வர இருந்தவரிடம் 243 ரூபாயைத் தூக்கிக் கொடுத்ததாகிறது.

பத்துப் பன்னிரண்டு நாள் பொறுத்து இரண்டாவது செய்தி. இதை உரிமையாளர் எழுத வேண்டும்: “போன தடவை எங்க பக்கம் ஏதாவது குறை இருந்துச்சா அக்கா? கலரோ, காத்திருந்த நேரமோ, எதுவானாலும் சொல்லுங்க. நான் மட்டும்தான் படிப்பேன்.”

நான்கு செய்திகளில் இதுதான் மிகவும் முக்கியம் என்பேன். நம் ஊரில் வேலை பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். “நல்லா இருக்கு” என்று சொல்லிப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போவார்கள், அப்புறம் வரமாட்டார்கள். கேட்டால்தான் பதில் வரும். “ரெண்டே வாரத்துல கலர் வெளுத்துப் போச்சு” என்று பதில் வந்தால், அன்றே போனில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டு, காசு வாங்காமல் மறுபடி போட்டுத் தரலாம். அது தள்ளுபடி ஆகாது, செய்த வேலையைச் சரிசெய்வது. இரண்டும் வேறு வேறு என்பது வாடிக்கையாளருக்கும் தெரியும். “எனக்குப் போடுற பொண்ணு இப்ப இல்லையாமே” என்று வந்தால், புதிதாக வந்தவர் யார், பழைய குறிப்பைப் பார்த்து அதே மாதிரி அவர் செய்வாரா என்பதைச் சொல்லுங்கள். “குழந்தை பொறந்திருக்கு” என்றால் வாழ்த்துச் சொல்லிவிட்டு அத்தோடு நிறுத்துங்கள். பிள்ளை பெற்ற மூன்று நான்கு மாதத்தில் பலருக்கு முடி கொத்தாக உதிரும். அந்த நேரத்தில் அழகைப் பற்றி வரும் செய்தி மனதை நோகடிக்கும். இப்படிக் காரணம் தெரியாத நிலையில் 30 சதவீதம் குறைத்துக் கொடுத்தால், பிடிக்காத வேலையை மலிவாகச் செய்து தருகிறோம் என்று சொன்னதாகிவிடும்.

மூன்று வாரம் கழித்தும் பதில் இல்லாதவருக்கு மூன்றாவது செய்தி. சலுகை இங்கேதான் வருகிறது, ஆனால் விலையைத் தொடாமல்: “இந்த மாசம் ரூட் டச்சப்புக்கு வந்தீங்கன்னா அதோட ஹேர் மாஸ்க்கும் போட்டு விடறேன் அக்கா, அதுக்குத் தனிக் காசு இல்லை. நுனி வறண்டிருந்தா நல்லா இருக்கும். 28ஆம் தேதி வரைக்கும்.”

மாஸ்க்குக்கு ஆகும் பொருள் செலவு நாற்பது ரூபாய் என்றால் பார்லரில் 620 நிற்கும். அதைவிட முக்கியமாக, ரூட் டச்சப் 900 ரூபாய் என்பது அவர் மனதில் 900 ஆகவே இருக்கும். ஒரு முறை 630 கொடுத்தவருக்கு அடுத்த முறை 900 என்பது விலை ஏற்றமாகத்தான் படும். பரிசாகக் கொடுப்பது விலைப்பட்டியலில் தனியாக இல்லாததாக இருக்கட்டும். இருந்தால் அதையும் கழித்துக் கணக்குப் போடுவார்கள். ஒருவருக்கு ஆண்டில் ஒரு முறைக்கு மேல் வேண்டாம். இன்ஸ்டாகிராமிலும் போட வேண்டாம். பக்கத்து நாற்காலியில் மாதாமாதம் முழுக்காசு கொடுத்து வருகிறவர் இதைக் கேட்டால் என்ன நினைப்பார் என்பதையும் யோசிக்க வேண்டும். வராதவருக்குக் கொடுக்கும் மாஸ்க்கைத் தவறாமல் வருகிறவருக்கு அவர் பிறந்தநாளுக்காவது முதலில் கொடுத்திருக்க வேண்டும். சாயத்துக்கு 48 மணி நேரம் முன்பு செய்கிற ஒவ்வாமைச் சோதனையைச் சில இடங்களில் ‘இலவசம்’ என்று சலுகையில் சேர்க்கிறார்கள். அது எல்லாருக்கும் எப்போதும் செய்யவேண்டியது. அதைப் பரிசு என்று சொல்வது சரியல்ல.

நான்காவது செய்தி ஒரு மாதம் கழித்து: “இனிமே இந்த மாதிரி மெசேஜ் அனுப்ப மாட்டேன் அக்கா. உங்க கலர் குறிப்பு நோட்ல இருக்கு. எப்ப வந்தாலும் அதே கலர் போடலாம்.” எந்த ஷேட், எத்தனை வால்யூம் டெவலப்பர், எத்தனை நிமிடம் என்று எழுதிவைத்த பார்லர்தான் இதை உண்மையாகச் சொல்ல முடியும். சொன்னபடி அதற்குப் பிறகு அனுப்பவும் கூடாது. எந்தக் கட்டத்திலும் ‘வேண்டாம்’ என்று பதில் வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும்.

இந்த நான்கையும் ஒவ்வொருவருக்கும் கையால் அனுப்புவதே நல்லது. வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் செய்தி, உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் போய்ச் சேரும். தெரியாத எண்ணிலிருந்து வருவதாக நினைத்துப் பலர் பிளாக் செய்து புகார் கொடுத்தால் எண்ணே முடங்கலாம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய வாரங்களில் அனுப்ப வேண்டாம், நாற்காலிகள் தாமாகவே நிறையும். ஆடியிலும் சலுகைச் செய்தி வேண்டாம்; தெருவெல்லாம் தள்ளுபடி என்று கத்தும்போது உங்கள் மாஸ்க்கும் அந்தக் கூட்டத்தில் ஒன்றாகிவிடும். செவ்வாய்க்கிழமை காலியாகக் கிடக்கிறதே என்று அன்றைக்கு முடிவெட்டச் சலுகை போடுகிறவர்களும் இருக்கிறார்கள். செவ்வாயில் முடிவெட்டக் கூடாது என்று நினைக்கிற வீட்டாரைப் பணம் கொண்டு மாற்ற முடியாது.

பலன் கிடைத்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பட்டியலில் அறுபது பேர் என்றால், குலுக்கிப்போட்டுப் பதினைந்து பேருக்கு எதுவும் அனுப்பாமல் விடுங்கள். செய்தி போன 45 பேரில் 14 பேரும், போகாத 15 பேரில் இரண்டு பேரும் வந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த வீதப்படி 45 பேரிலும் ஆறு பேர் தாமாகவே வந்திருப்பார்கள். ஆகச் செய்தியால் வந்தவர்கள் எட்டுப் பேர், 14 அல்ல. இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் தற்செயலும் கலந்திருக்கும் என்பதால், இரண்டு மூன்று சுற்று பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

அந்த 14 பேரையும் உடனே ‘திரும்பி வந்தவர்’ என்று எழுதிவிடாதீர்கள். அதற்கடுத்த முறை, எந்தச் செய்தியும் போகாமல், தன் பழைய இடைவெளியில் வந்து 900 ரூபாயை முழுதாகக் கட்டிவிட்டுப் போகிறவர் பெயருக்கு நேரே மட்டும் அந்தக் குறியைப் போடுங்கள்.