ஆறாம் வகுப்பின் முதல் பாடவேளை

தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்றால் இரண்டு மூன்று அறைகள், ஒன்றிரண்டு ஆசிரியர்கள். காலையில் வந்த டீச்சர்தான் மாலை வரை தமிழும் கணக்கும் சொல்லித் தருவார். ஏப்ரலில் அந்தப் பள்ளியிலேயே பெரிய பிள்ளையாக இருந்தவர், ஜூனில் உயர்நிலைப் பள்ளியிலோ மேல்நிலைப் பள்ளியிலோ எல்லோரிலும் சின்னப் பிள்ளையாகிவிடுகிறார். முதல் பாடவேளையில் வருகைப்பதிவேட்டோடு நுழையும் வகுப்பாசிரியர் பேசப்போவது இந்தப் பிள்ளையிடம்தான்.

பல வகுப்பறைகளில் அந்தப் பேச்சு ஒழுக்கத்தில் தொடங்கிப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் போய் முடிகிறது. பத்து வயதுப் பிள்ளையின் மனதில் அப்போது ஓடுவது வேறு. மணி அடித்தால் எழுந்து போக வேண்டுமா? கழிப்பறை எந்தப் பக்கம்? புதிய சாரிடம் எப்படிக் கேட்பது? இவற்றுக்கு விடை சொல்லாத வரவேற்புரை எவ்வளவு அழகாக இருந்தாலும் காதில் ஏறாது.

விவரம் தெரிந்த ஆசிரியர் இப்படித் தொடங்குவார்: “கண்ணுங்களா, இங்க பாடத்துக்கு ஒருத்தர் வருவோம். மணி அடிச்சா நீங்க எங்கயும் போக வேண்டாம், அடுத்த சாரோ டீச்சரோ இங்கயே வருவாங்க. பாத்ரூம் போகணும்னா பாடம் நடக்கும்போதுகூடக் கேக்கலாம். வாங்க, எது எங்க இருக்குன்னு பாத்துட்டு வரலாம்.” பிறகு கழிப்பறை, குடிநீர்க் குழாய், சத்துணவுக்கூடம், தலைமையாசிரியர் அறை என்று ஒரு சுற்று. கால்மணி நேரம்கூட ஆகாது. கழிப்பறை விஷயத்தைத் தயங்காமல் சொல்ல வேண்டும். கேட்கக் கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடும் சிறுமிகள் உண்டு. கொண்டுவந்த பாட்டில் நிறைந்தபடியே வீடு திரும்புவதுதான் அதற்கு அடையாளம்.

இன்னொன்று பசி. 2022-இல் அரசு தொடங்கிய காலை உணவுத் திட்டம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கானது. ஐந்தாம் வகுப்பு வரை பள்ளியில் உப்புமாவும் பொங்கலும் சாப்பிட்டுப் பழகிய பிள்ளை, ஆறாம் வகுப்புக்கு அதே நினைப்பில் வெறும் வயிற்றோடு வந்துவிடலாம். அம்மாவும் அப்பாவும் விடியும் முன்பே வேலைக்குப் போகும் வீடுகளில் இது எளிதில் நடக்கும். ஆனால், “யார் யார் சாப்பிடலை, கை தூக்குங்க” என்று கேட்டால் ஒரு கைகூட உயராது. சாப்பிடாமல் வந்தவர்கள் இடைவேளையில் தன்னிடம் தனியாக வந்து சொல்லலாம் என்று எல்லோருக்கும் பொதுவாக அறிவித்துவிடுவதே நல்லது. இரண்டாம் பாடவேளையில் மேசையில் தலை சாய்க்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று முடிவுகட்டும் முன், காலையில் என்ன சாப்பிட்டது என்று மெல்ல விசாரிக்க வேண்டும்.

சொல்ல வேண்டியவற்றைவிடக் கேட்கக் கூடாதவைதான் அதிகக் கவனத்தைக் கேட்கின்றன. பெயர் அறிமுகத்தின்போது “எந்த ஊரு, எந்தத் தெரு? அப்பா என்ன வேலை?” என்பது பாசமாகக் கேட்கப்படும் கேள்விதான். ஆனால் நம் ஊர்களில் தெருவின் பெயரே சாதியைச் சொல்லிவிடும். சுற்று முடிவதற்குள் யார் எந்தப் பக்கம் என்று நாற்பது பிள்ளைகளுக்கும் தெரிந்துவிடும். மதிய உணவின்போது அது யார் யாரோடு உட்காருகிறார்கள் என்பதில் வெளிப்படும்.

இது வெறும் ஊகமல்ல. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியலின மாணவரும் அவருடைய தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்கள் உடன்படித்த மாணவர்கள். அதையடுத்து அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. மாணவர்களை அகரவரிசையில் உட்கார வைக்க வேண்டும், வருகைப்பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, சாதியைச் சுட்டி எவரையும் அழைக்கக் கூடாது என்பவை அதன் பரிந்துரைகளில் சில. இவை மூன்றும் முதல் நாளிலேயே வகுப்பாசிரியர் கையில் இருப்பவை. உதவித்தொகைக்காக இன்ன பிரிவினர் எழுந்து நில்லுங்கள் என்று சொல்லும் பழக்கத்தையும் அன்றே கைவிட்டுவிடலாம். சான்றிதழ்களைப் பெற்றோரிடம் தனியே வாங்கிக்கொண்டால் போதும்.

அப்படியானால் அறிமுகத்துக்கு எதைக் கேட்பது? உன்னை எந்தப் பெயரில் கூப்பிட வேண்டும், எந்த விளையாட்டு பிடிக்கும், எந்தப் பாடம் பயம் என்று கேட்கலாம். யாராவது அடித்தாலோ, தவறாகத் தொட்டாலோ யாரிடம் சொல்லலாம் என்பதையும் சொல்லி, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொருவரையும் நோட்டில் குறித்துக்கொள்ளச் செய்யலாம்.

முதல் நாளே எல்லோரும் வந்துவிடுவதில்லை. மாற்றுச் சான்றிதழ் தாமதமாகும், குடும்பம் வேலைக்காக ஊர் மாறும். ஜூன் முடிந்த பிறகும் புதிய பிள்ளைகள் வந்து சேர்வார்கள். முதல் நாள் பேச்சு அவர்களுக்குக் கிடைத்திருக்காது. அதனால் அந்த ஒரு சுற்றை அவர்களுக்கும் காட்ட வேண்டும். இதை முன்பே வந்து பழகிய இரண்டு மாணவர்களிடம் ஒப்படைக்கலாம். கழிப்பறைக்கு யாரிடம் எப்படிக் கேட்பது என்பதை ஆசிரியரைவிட அவர்கள் தெளிவாகச் சொல்லிவிடுவார்கள்.