எந்தத் தலைக்கு எந்த எண்ணெய்?

முடி நோய்களுக்கான மருத்துவ இதழ் ஒன்றில் 2017-ஆம் ஆண்டு ஒரு 20 வயதுப் பெண்ணின் கதை வெளியானது. நோய் என்று எதுவும் இல்லாதவர். விளக்கெண்ணெயையும் தேங்காய் எண்ணெயையும் தலையில் தேய்த்துக் குளித்திருக்கிறார். அதன்பின் கூந்தல் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு, கல்லாக இறுகி, பறவைக்கூடு போல ஆகிவிட்டது. சீப்பு இறங்கவில்லை, சிக்கும் எடுக்க முடியவில்லை. இப்படிக் கட்டிப்போன முடியை வெட்டி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்கிறார்கள் மருத்துவர்கள்.

இது மிக அரிதாக நடப்பது. விளக்கெண்ணெய் தேய்த்த எல்லாருக்கும் இப்படி ஆகிவிடாது. ஆனாலும், 'எண்ணெய்தானே, எதைத் தேய்த்தால் என்ன' என்ற நினைப்பு எவ்வளவு தவறு என்பதை இந்த ஒரு நிகழ்வே சொல்லிவிடுகிறது. பாட்டிலில் பார்த்தால் எல்லா எண்ணெயும் எண்ணெய்தான். முடியின் மேல் பட்டவுடன் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்கிறது. ஒன்று உள்ளே இறங்குகிறது, ஒன்று மேலேயே உட்கார்ந்துகொள்கிறது, இன்னொன்று மெல்லிய படலமாகப் பரவுகிறது.

உள்ளே இறங்குவது தேங்காய் எண்ணெய். அதிலுள்ள கொழுப்பில் ஏறத்தாழ பாதி லாரிக் அமிலம். அதன் மூலக்கூறு சிறியது, வளைவு இல்லாமல் நேராக நீண்டிருப்பது. அதனால் முடியின் மேல் செதில்களுக்கு இடையே புகுந்து உள்ளே போக முடிகிறது. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்ட ரேலே, மொஹிலே என்ற இந்திய ஆய்வாளர்களின் கட்டுரை 2003-இல் வெளியானது. குளிப்பதற்கு முன் தேய்த்தாலும் பின் தேய்த்தாலும், முடியிலிருந்து புரதம் கழன்றுபோவதைக் கணிசமாகக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. மற்ற இரண்டும் அந்த வேலையைச் செய்யவில்லை. ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எனினும் தேங்காய் எண்ணெய் முடிக்குள் ஊடுருவுகிறது என்பதை வேறு ஆய்வுகளும் காட்டியுள்ளன.

இந்தப் புரத இழப்பு எப்போது நடக்கிறது? பெரும்பாலும் குளிக்கும்போதும், ஈரத்தலையைச் சீவும்போதும்தான். தண்ணீர் பட்டதும் முடி உப்புகிறது, மேல் செதில்கள் தூக்கிக்கொள்கின்றன. காய்ந்ததும் சுருங்குகிறது. வாரத்துக்கு மூன்று நான்கு முறை இப்படி உப்பிச் சுருங்கும் முடி நாளடைவில் நைந்து, நுனி பிளக்கிறது. முன்கூட்டியே உள்ளே போய் உட்கார்ந்த எண்ணெய், தண்ணீர் நுழைவதைக் கட்டுப்படுத்துகிறது. ஆகவே தேங்காய் எண்ணெயின் முழுப் பயனும் குளிப்பதற்கு முன் தேய்ப்பதில் இருக்கிறது. குளித்த பிறகு பளபளப்புக்காக வழியவழியத் தடவுவதில் அந்த அளவு பயன் இல்லை.

விளக்கெண்ணெயின் கதை வேறு. அதில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்கு ரிசினோலிக் அமிலம். இந்த அமிலத்தின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் தன்மை உடையவை. அதனால்தான் கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் நூலாக இழுத்துக்கொண்டு இறங்குகிறது. தேங்காய் எண்ணெயைவிடப் பத்து மடங்குக்கும் மேல் கெட்டியான எண்ணெய் இது. முடிக்குள் எளிதில் போகாது. மேலே தடித்த பூச்சாக நின்று ஈரத்தைப் பிடித்துவைக்கும். சொரசொரப்பான, வறண்ட, தடித்த முடிக்கு அந்தப் பூச்சு வரப்பிரசாதம். மெல்லிய முடிக்கோ அது பாரம். நீளமான கூந்தலில் இந்தப் பிசுக்கோடு, தலையில் குவித்து வைத்துக் கசக்கித் தேய்த்து அலசும் பழக்கமும் சேர்ந்தால் சிக்கு விழுவதில் வியப்பில்லை.

விளக்கெண்ணெய் முடியை வளர்க்கும் என்பது நம் வீடுகளில் ஊறிப்போன நம்பிக்கை. புருவத்தில் தடவுவோர், நெற்றி ஏறிய இடத்தில் தடவுவோர் ஏராளம். அதை உறுதிசெய்யும் நம்பகமான மருத்துவச் சான்று இதுவரை இல்லை. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. அந்த வேகத்தை மேலே தடவும் எண்ணெய் மாற்றுவதில்லை. எண்ணெய் தேய்ப்பவருக்கு முடி நீளமாகத் தெரிவதற்குக் காரணம், வளர்ந்த முடி நடுவில் ஒடியாமல் நிற்பதுதான்.

மூன்றாவது, ஆர்கன். மொராக்கோ நாட்டின் தென்மேற்கில், அகாதிர், எஸ்ஸவீரா நகரங்களைச் சுற்றிய வறண்ட நிலத்தில் வளரும் முள்மரத்தின் கொட்டையிலிருந்து வருவது. அந்தக் காட்டை 1998-இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. அங்குள்ள அமாசிக் இனப் பெண்கள் கொட்டையைக் கல்லில் வைத்துக் கல்லால் உடைத்துப் பருப்பை எடுக்கிறார்கள். ஒரு லிட்டர் எண்ணெய்க்குப் பின்னால் பல மணி நேரக் கைவேலை இருக்கிறது. விலை அதிகமாக இருப்பது அதனால்தான். இந்த எண்ணெயில் ஓலிக், லினோலிக் அமிலங்கள் மிகுதி, வைட்டமின் ஈ-யும் உண்டு. தேங்காய் எண்ணெய் அளவுக்கு உள்ளே இறங்காது, விளக்கெண்ணெய் அளவுக்கு அப்பிக்கொள்ளவும் செய்யாது. இரண்டு மூன்று சொட்டு போதும், முடி முழுவதும் வழுவழுப்பான படலம் பரவிவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கடையில் 'ஆர்கன் ஹேர் சீரம்' என்று விற்கும் பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கத்துச் சிறிய எழுத்தைப் படிக்க வேண்டும். சேர்மானங்களை அதிக அளவில் உள்ளதிலிருந்து குறைவாக உள்ளது வரை வரிசையாக எழுதுவது வழக்கம். முதல் இரண்டு மூன்று பெயர்கள் சைக்ளோபென்டாசிலோக்சேன், டைமெதிக்கோன் என்று இருந்து, 'ஆர்கானியா ஸ்பைனோசா கெர்னல் ஆயில்' வாசனைப் பொருளுக்குப் பக்கத்தில் கடைசியில் வந்தால், அது சிலிக்கோன் சீரம். ஆர்கன் பெயருக்கு மட்டும். சிலிக்கோன் கெடுதல் என்று சொல்லவில்லை, சிக்கைக் குறைப்பதில் அது கெட்டிக்காரப் பொருள்தான். ஆனால் ஆர்கனுக்கான விலையை அதற்குக் கொடுக்க வேண்டியதில்லை. தேங்காய் எண்ணெயிலும் இதே கவனம் தேவை. வாசனை சேர்த்த 'கோகனட் ஹேர் ஆயில்' பலவற்றில் மினரல் ஆயில்தான் பெரும்பங்கு. லேபிளில் 'லைட் லிக்விட் பாரஃபின்' என்று இருக்கும். சமையலுக்கு உகந்தது என்று அச்சிட்ட பாட்டிலையோ செக்கில் ஆட்டிய எண்ணெயையோ வாங்கினால் இந்தக் குழப்பம் இல்லை.

சரி, யாருக்கு எது? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். 'எனக்கு அடர்த்தியான முடி' என்பார்கள். முடியின் எண்ணிக்கை வேறு, ஒவ்வொரு இழையின் தடிமன் வேறு. எண்ணெய்க்கு முக்கியம் தடிமன். உதிர்ந்த ஒற்றை முடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து உருட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். விரலுக்குத் தட்டுப்படவே இல்லை என்றால் மெல்லிய முடி. நெருடினால் தடித்த முடி. மண்டைத் தோலுக்குத் தனிச் சோதனை. ஷாம்பு போட்டுக் குளித்த மறுநாள், உச்சியில் வகிடெடுத்து டிஷ்யூ தாளை அழுத்தி எடுத்தால், எண்ணெய்க் கறை பளிச்சென்று தெரிபவருக்கு எண்ணெய்ப்பசைத் தலை.

இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பது அவசியம். வேர் பக்கம் பிசுபிசுப்பும் நுனியில் வறட்சியும் ஒரே தலையில் இருப்பது சர்வசாதாரணம்.

ஒரு கல்லூரி மாணவியை எடுத்துக்கொள்வோம். சென்னையில் தினமும் பேருந்துப் பயணம், வியர்வை. இடுப்பளவு கூந்தல், இழை மெல்லியது. குளித்த மறுநாளே உச்சி பிசுபிசுக்கிறது, நுனியோ காய்ந்து பிளந்திருக்கிறது. அம்மா வாரம் ஒருமுறை இரவில் உச்சி குளிர எண்ணெய் வைத்துப் பின்னிவிடுகிறார். காலையில் ஷாம்பு போட்டும் எண்ணெய் முழுதாகப் போவதில்லை. முடி தலையோடு ஒட்டிக்கிடக்கிறது, நெற்றியோரம் பொடிப்பொடியாகப் பருக்கள். இவருக்கு எண்ணெய் ஆகாது என்ற முடிவுக்கு வர வேண்டியதில்லை. இடமும் அளவும்தான் மாற வேண்டும். ஒன்று, ஒன்றரை தேக்கரண்டி தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து, காதுக்குக் கீழே உள்ள முடிக்கு மட்டும் தடவ வேண்டும். ஓரிரண்டு மணி நேரம் விட்டு, ஷாம்புவை மண்டைத் தோலில் மட்டும் போட்டு, நுரை நுனி வழியாக இறங்கும்படி அலசினால் போதும். துண்டால் ஒற்றி எடுத்த அரை ஈரத்தில் ஆர்கன் எண்ணெய் இரண்டு சொட்டு, அதுவும் நுனிக்கு மட்டும். விளக்கெண்ணெய் இவருக்கு வேண்டவே வேண்டாம்.

அவருடைய அக்காவுக்குத் தடித்த, சுருட்டை முடி, வறண்ட தலை என்று வைத்துக்கொண்டால் கணக்கு தலைகீழ். தோளுக்குக் கீழே தொங்கும் முடிக்கு மூன்று நான்கு தேக்கரண்டி தாராளமாகக் கேட்கும், இரவு முழுவதும் ஊறலாம். தேங்காய் எண்ணெய் நான்கு பங்குக்கு விளக்கெண்ணெய் ஒரு பங்கு கலந்துகொண்டால் நுனியின் சொரசொரப்பு அடங்கும். விளக்கெண்ணெயைத் தனியாகத் தேய்க்கக் கூடாது. தேய்ப்பதற்கு முன் சிக்கெடுத்துவிட வேண்டும். அலசும்போது முடியை உச்சியில் சுருட்டிக் கசக்காமல், தொங்கவிட்டு மேலிருந்து கீழாக நீவ வேண்டும். பிசுக்கு போக இரண்டு முறை ஷாம்பு தேவைப்படலாம். தேங்காய் எண்ணெய் தேய்த்தால் முடி விறைப்பாகிறது என்று சிலர் சொல்வதும் உண்மைதான். அவர்கள் அளவைக் குறைத்துப் பார்த்து, அப்போதும் சரிவராவிட்டால் ஆர்கனுக்கு மாறலாம்.

பொடுகு இருப்பவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பொடுகுக்குக் காரணமான மலசேசியா என்ற பூஞ்சை நம் எல்லார் தலையிலும் வாழ்கிறது. அதற்கு உணவே எண்ணெய்ப்பசை. கொழுப்பைச் சிதைத்துத் தின்றுவிட்டு ஓலிக் அமிலம் போன்றவற்றை மிச்சம் வைக்கிறது. அது தோலை உறுத்தும்போது அரிப்பு, செதில் உதிர்தல். தலை காய்ந்துவிட்டது, அதனால்தான் உதிர்கிறது என்று நினைத்து மேலும் எண்ணெய் வைத்தால், பூஞ்சைக்கு விருந்து வைத்தது மாதிரிதான். ஓலிக் அமிலம் நிறைந்த ஆர்கன், ஆலிவ் எண்ணெய்களை மண்டைத் தோலில் இவர்கள் தேய்க்கவே கூடாது. செதில் மஞ்சளாகவும் பிசுக்காகவும் இருந்து, எண்ணெய் வைத்த மறுநாள் அரிப்பு கூடினால் எண்ணெயை நிறுத்திவிட்டு கீட்டோகோனசோல் ஷாம்பு பற்றித் தோல் மருத்துவரிடம் கேட்கலாம். தலையில் வட்டமாக முடி கொட்டினாலோ, திடீரென்று கொத்துக்கொத்தாகக் கையோடு வந்தாலோ, அது எந்த எண்ணெயாலும் தீரும் சிக்கல் இல்லை. தைராய்டு, இரும்புச்சத்துக் குறைவு, சமீபத்தில் வந்துபோன கடும் காய்ச்சல் என்று உடம்புக்குள் காரணம் இருக்கக்கூடும். முதலில் ரத்தப் பரிசோதனை.

புதிய எண்ணெய் எதுவானாலும் முதல் முறை காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு தடவி ஒரு நாள் பார்த்துவிட்டுத் தலைக்கு வைக்கவும். மூன்றில் ஒன்றுக்கு மட்டும்தான் காசு செலவழிக்க முடியும் என்றால் தேங்காய் எண்ணெயையே வாங்குங்கள். மெல்லிய முடிக்கு அளவைக் குறைத்தும் தடித்த முடிக்குக் கூட்டியும், எண்ணெய்ப்பசைத் தலைக்கு நுனியோடு நிறுத்தியும் அது ஒன்றே வேலையை முடித்துக்கொடுக்கும்.