முத்துப் போட்ட பிள்ளைக்கு ஒரு விடுப்புக் கடிதம்

எங்கள் குழந்தைகள் பிரிவுக்கு அண்மையில் திரேஸ்புரத்திலிருந்து ஒரு தாய் தம் மகளுடன் வந்திருந்தார். பள்ளிக்கு எழுதிய விடுப்புக் கடிதத்தையும் கையில் வைத்திருந்தார்: “மகளுக்கு முத்துப் போட்டிருக்கிறது. முத்து இறங்கித் தண்ணீர் ஊற்றியதும் அனுப்புகிறேன்.” பள்ளியோ ஆங்கிலவழிப் பள்ளி, வகுப்பாசிரியை வெளிமாநிலத்தவர். பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவர் அதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்க, சிறுமி முத்துமாலை அணிந்திருப்பதாகப் பொருள்பட்டுவிட்டது. முத்துக்குளித்துறையில் அது நடக்கக்கூடியதுதானே என்று அந்தத் தாயே சிரித்தார்.

சிரிப்புக்கு அப்பால் ஓர் இடர் உண்டு. “அம்மை” என்று எழுதினாலும் பொருள் முழுமை பெறாது. சின்னம்மை, தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி ஆகிய மூன்றையும் நாம் அம்மை என்றே சொல்கிறோம். ஆங்கிலத்தில் அவை முறையே சிக்கன் பாக்ஸ், மீசில்ஸ், மம்ப்ஸ் என மூன்று வேறு பெயர்கள். பள்ளிக்குத் திரும்பும் நாளும் வேறு. தட்டம்மையில் தடிப்புத் தோன்றிய பின் 4 நாட்களும், பொன்னுக்கு வீங்கியில் வீக்கம் தொடங்கிய பின் 5 நாட்களும் பிள்ளை வீட்டில் இருக்க வேண்டும். சின்னம்மையில் நாள் கணக்கு மட்டும் போதாது. எல்லாக் கொப்புளங்களும் பொருக்குத் தட்டியிருக்க வேண்டும்.

“தண்ணீர் ஊற்றுதல்” என்பதை மொழிபெயர்த்தால் ஆசிரியைக்கு ஒன்றும் விளங்காது. மூன்றாம், ஐந்தாம் நாள் எனக் கணக்கிட்டுத் தலைக்கு ஊற்றுவது குடும்ப வழக்கம்; அதை நாங்கள் தடுப்பதில்லை. ஆனால் சின்னம்மைக் கொப்புளங்கள் ஒரே நாளில் எழுவதில்லை. இச்சிறுமிக்கு 3ஆம் தேதி தொடங்கி, தண்ணீர் ஊற்றவிருந்த 7ஆம் தேதியிலும் முதுகில் நீர்கோத்த கொப்புளங்கள் இருந்தன.

ஆகவே கடிதத்தை முதலில் தமிழிலேயே திருத்தினோம்:

“மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களுக்கு, வணக்கம். என் மகளுக்குச் சின்னம்மை கண்டுள்ளது. முதல் கொப்புளம் 3ஆம் தேதி தோன்றியது. 2ஆம் தேதி வரை அவள் வகுப்புக்கு வந்தாள். கொப்புளங்கள் அனைத்தும் காய்ந்த பின், மருத்துவரிடம் காட்டி அனுப்புகிறேன்.”

இதை ஆங்கிலமாக்க அந்த மாணவருக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு தேதிகளையும் எழுதச் சொன்னதற்குக் காரணம் உண்டு. கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே சின்னம்மை பிறருக்குத் தொற்றும். முன்பு அது வராத, தடுப்பூசியும் போடாத கர்ப்பிணி ஒருவர் அந்நாட்களில் அருகில் இருந்திருந்தால் உடனே மருத்துவரை அணுக வேண்டும்; அவருக்குத் தேவைப்படக்கூடிய காப்பு ஊசியைத் தொற்றுக்கு ஆளான 10 நாட்களுக்குள் போட வேண்டும்.

கடிதம் கிடைத்த அன்று மாலையே வகுப்பாசிரியை அந்தத் தாயைத் தொலைபேசியில் அழைத்தார். அவர் அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. 2ஆம் தேதி சிறுமி எந்த வரிசையில் அமர்ந்திருந்தாள் என்பதே அவருடைய முதல் கேள்வி.